ஐ.டி.ஐ. சான்றிதழ் விழா: விருந்தினர் அறிமுகம் ஒரு நிமிடம், மாணவருக்கு ஆளுக்குப் பன்னிரண்டு வினாடி. குறைவா?

பட்டறைக்காரன் | செப்டம்பர் 2, இரவு 9.40

எங்கள் ஐ.டி.ஐ.யில் 17ஆம் தேதி சான்றிதழ் விழா. இணைப்புரை என் தலையில் விழுந்திருக்கிறது. நான் வெல்டர் பிரிவுப் பயிற்றுநர், மைக் பிடித்துப் பழக்கமில்லாத ஆள். தேறியவர்கள் 114 பேர்: பிட்டர் 38, எலக்ட்ரீசியன் 36, வெல்டர் 18, கணினிப் படிப்பான கோபா 22. வீட்டுக்கு இரண்டு பேர் வந்தாலே பந்தல் நிறைந்துவிடும்.

விருந்தினரை ஒரு நிமிடத்தில் அறிமுகப்படுத்துவது, மாணவருக்குப் பெயரும் ஊரும் மட்டும் சொல்வது, இதுதான் என் திட்டம். பிரின்சிபால் தயங்குகிறார். விருந்தினர் இரண்டு பக்கத்துக்கு பயோடேட்டா அனுப்பியிருக்கிறார், குறைத்தால் கோபித்துக்கொள்வாராம். அப்படியா?

மேடைப்பழசு | செப்டம்பர் 2, இரவு 10.15

கோபித்துக்கொள்ள மாட்டார். பயோடேட்டா அனுப்பச் சொன்னீர்கள், கையில் இருந்ததை அனுப்பினார். அதை முழுதாகப் படிக்கச் சொல்லி எந்த விருந்தினரும் கேட்டதில்லை. படிக்கும்போது மேடையில் நெளிபவரே அவர்தான்.

கணக்கை முதலில் பாருங்கள். 114 பேருக்கு ஆளுக்கு 12 வினாடி என்றால் 23 நிமிடம். 20 வினாடி ஆனால் 38 நிமிடம். அந்த எட்டு வினாடி எங்கே போகிறது என்று தெரிந்தால் விழா உங்கள் கையில். அது பேச்சில் போவதில்லை. படி ஏறுவதில், போட்டோவுக்கு நிற்பதில், காலில் விழுவதில், தப்பான சான்றிதழைக் கொடுத்துவிட்டுத் தேடுவதில் போகிறது.

ஆவணம் ஆறுமுகம் | செப்டம்பர் 3, காலை 7.05

நேரம் கணக்கிடும்போது தமிழ்த்தாய் வாழ்த்தையும் சேருங்கள், 52 வினாடி. அரசாணை இருக்கிறது. அசல் சான்றிதழைத்தான் விருந்தினர் கையால் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

மேடைப்பழசு | செப்டம்பர் 3, காலை 7.50

52 வினாடி தேசிய கீதத்துக்கு. தமிழ்த்தாய் வாழ்த்து 55 வினாடி, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோது சொன்னது. இசைத்தட்டு போடாமல் வாயால் பாட வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆகவே பாடத் தெரிந்த இரண்டு மாணவர்களை இப்போதே பிடித்துவிடுங்கள். அசல் சான்றிதழ் பற்றி நீங்கள் சொல்லும் விதியை நான் பார்த்ததில்லை. ஆணை எண் இருந்தால் போடுங்கள்.

கோபா 22 | செப்டம்பர் 3, காலை 11.20

என் சான்றிதழில் அப்பா பெயர் தப்பாக இருக்கிறது. யாரைப் பார்க்க வேண்டும்? இரண்டு முறை கேட்டுவிட்டேன்.

பட்டறைக்காரன் | செப்டம்பர் 3, மதியம் 1.10

தம்பி, இது விழா பற்றிய பேச்சு. ஆனாலும் சொல்கிறேன். படித்த ஐ.டி.ஐ.க்கே போ, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் ஆதாரும் எடுத்துக்கொள். திருத்தக் கோரிக்கை நிலையத்தின் வழியாகப் போவதுதான் சுலபம்.

எலக்ட்ரீசியன் அம்மா | செப்டம்பர் 3, இரவு 8.30

நான் மேடை ஏறியவள் இல்லை, பந்தலில் உட்கார்ந்தவள். என் பையன் இரண்டு வருடம் எலக்ட்ரீசியன் படித்தான். விழாவுக்கு இரண்டு பஸ் மாறிப் போனோம், என் மாமியாரையும் கூட்டிக்கொண்டு. விருந்தினர் அறிமுகம், அவர் பேச்சு, அவருக்கு முன் நாலு பேர் பேச்சு. பையன் பெயர் வந்தபோது ஸ்பீக்கரில் பாட்டு போட்டுவிட்டார்கள். பெயரே கேட்கவில்லை. அவன் ஏறி இறங்கியதைத்தான் பார்த்தோம். பேச்சைக் குறைக்கிறீர்களா வேண்டாமா என்பது எனக்குத் தெரியாது. பெயர் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மைக்செட் | செப்டம்பர் 3, இரவு 9.05

அக்கா சொல்வது எங்கள் ஆட்கள் செய்வதுதான். பெயருக்குப் பெயர் நடுவில் மியூசிக் போட்டால் விழா களை கட்டும் என்று ஆபரேட்டருக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவன் ஒலியை இறக்குவதற்குள் பெயர் போய்விடும். பெயர் படிக்கும் அரை மணி நேரமும் மியூசிக் சேனலையே அணைத்துவிடச் சொல்லுங்கள். டிரேட் மாறும்போது மட்டும் பத்து வினாடி போடட்டும்.

இன்னொன்று. இணைப்புரை சொல்பவர் பக்கத்தில் ஸ்பீக்கர் பாக்ஸ் வைக்காதீர்கள், கூவும். கூவினால் ஆபரேட்டர் மைக்கைக் குறைப்பான், பின்வரிசைக்குப் பெயர் எட்டாது.

பட்டறைக்காரன் | செப்டம்பர் 4, மாலை 6.15

விருந்தினர் அறிமுகத்தை எழுதிப் பார்த்தேன். அவர் எங்கள் நிலையத்திலேயே 1996இல் பிட்டர் முடித்தவர், இப்போது ஓசூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். பெயரை இங்கே போடவில்லை.

"அறிமுகமே தேவையில்லாத நமது சிறப்பு விருந்தினர் உயர்திரு. ______ அவர்கள், விவசாயக் குடும்பத்தில் பிறந்து, நம் நிலையத்தில் பிட்டர் பயின்று, பகுதிநேரமாக டிப்ளமோவும் பி.இ.யும் முடித்து, ஜப்பான், ஜெர்மனி ஆகிய நாடுகளில் பயிற்சி பெற்று, நிறுவனத்தின் பல விருதுகளை வென்று, தரக் கட்டுப்பாட்டில் நிபுணராக விளங்கி, சமூகப் பணிகளிலும் ஈடுபட்டு, நம் நிலையத்துக்கு ஒரு லேத் இயந்திரம் வழங்குவார் என்ற நம்பிக்கையுடன்..."

இதுவே ஒரு நிமிடத்துக்கு மேல் போகிறது. இன்னும் ஒரு பக்கம் பாக்கி.

மேடைப்பழசு | செப்டம்பர் 4, இரவு 9.20

அந்த லேத்தை முதலில் எடுங்கள். மேடையில் கூட்டத்துக்கு நடுவே கேட்டால் அவர் தலையாட்டித்தான் ஆக வேண்டும். அடுத்த வருடம் உங்கள் போனை எடுக்க மாட்டார்.

"அறிமுகம் தேவையில்லாதவர்" என்று சொல்லிவிட்டு ஒரு பக்கம் அறிமுகப்படுத்துவதை நம் ஊரில் யாரும் நிறுத்தப்போவதில்லை. நீங்களாவது நிறுத்துங்கள். உங்கள் பந்தலில் இருக்கும் முக்கால்வாசிப் பேருக்கு அவர் யார் என்று தெரியாது. அவர்களுக்கு அறிமுகம் தேவைதான்.

அப்புறம் பெயர். நீங்கள் பெயரை முதலில் போட்டிருக்கிறீர்கள். பெயர் வந்ததும் ஜனங்கள் கை தட்டுவார்கள், பிறகு நீங்கள் சொல்வது எதுவும் காதில் ஏறாது. கடைசி வார்த்தையாகப் பெயர் வரட்டும். கைதட்டல் அங்கே எழும், அந்தச் சத்தத்தோடு அவர் மைக்குக்கு வந்துவிடுவார்.

டிப்ளமோ, பி.இ., ஜப்பான், விருது எல்லாம் உண்மைதான், ஆனால் ஒன்றும் மனதில் நிற்காது. கூடப் படித்த நாலு பேரும் அதையேதான் வரிசையாகச் சொல்வார்கள். இரண்டு விஷயம் போதும். பந்தலில் இருக்கும் பெற்றோருக்கு எது ஒட்டும்? இதே ஷெட்டில் இரும்பு ராவ ஃபைல் பிடித்தவர் என்பதும், அவருக்குக் கீழே இப்போது ஐ.டி.ஐ. பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்பதும். இரண்டாவதை அவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். போனில் கேட்கும்போது "நீங்கள் என்ன பேசப்போகிறீர்கள்" என்றும் கேளுங்கள். அவர் வைத்திருக்கும் கதையை நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் எழுந்து நின்று என்ன பேசுவார்?

ஆவணம் ஆறுமுகம் | செப்டம்பர் 5, காலை 6.50

மேடைப்பழசு சொல்வது தனியார் விழாவுக்குச் சரி. அரசு விழாவில் பதவியை முழுதாகச் சொல்லாவிட்டால் பிரச்சினை வரும். எம்.எல்.ஏ., நகராட்சித் தலைவர் எல்லாம் மேடையில் இருப்பார்கள். யாரை முதலில் விளிப்பது என்ற வரிசை தவறினால் மறுநாள் விளக்கம் கேட்பார்கள்.

மேடைப்பழசு | செப்டம்பர் 5, காலை 9.30

இதில் ஆறுமுகம் சொல்வது சரி. பதவியைக் குறைக்க வேண்டாம், வரிசையை பிரின்சிபாலிடமே எழுதி வாங்குங்கள். ஆனால் நேரத்தைத் தின்பது வேறு. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று ஏழு பேர் வருகிறார்கள். ஏழு பேரும் மேடையில் இருப்பவர்களை முதலிலிருந்து கடைசிவரை விளிக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஏழு நிமிடம், அதாவது முப்பத்தைந்து மாணவர்களின் பெயர்.

வரவேற்புரை சொல்பவர் மட்டும் எல்லோரையும் முழுப் பதவியோடு விளிக்கட்டும். மற்றவர்கள் "அவையோருக்கு வணக்கம்" என்று தொடங்கட்டும். முதல் நாளே ஆளாளுக்குச் சொல்லிவிடுங்கள். மேடையில் வைத்துச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

பட்டறைக்காரன் | செப்டம்பர் 6, இரவு 8.00

விருந்தினரிடம் பேசினேன். நல்ல மனிதர். அவர் பிரிவில் பெரும்பாலானவர்கள் ஐ.டி.ஐ. படித்தவர்கள்தான் என்றார். பேச வைத்திருப்பது, முதல் மாதச் சம்பளத்தில் அப்பாவுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்த கதை. அதை நான் தொடவில்லை. பயோடேட்டாவில் இருந்த பதவி பழசு, அதற்கு மேல் ஒரு படி ஏறிவிட்டார். போன் செய்யாமல் இருந்திருந்தால் பழசையே படித்திருப்போம்.

இரண்டாவது முயற்சி:

"இன்று உங்கள் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வழங்கப்போகிறவர் இதே நிலையத்தில் 1996இல் பிட்டர் முடித்தவர். இந்தப் பந்தலுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில்தான் ஃபைல் பிடிக்கக் கற்றார். ஓசூரில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த ஆலையில் இன்று பராமரிப்புப் பிரிவுக்கே தலைவர். அவர் பிரிவில் வேலை செய்பவர்களில் பெரும்பாலானவர்கள் ஐ.டி.ஐ. படித்தவர்கள். உங்கள் பிள்ளைகளின் சீனியரைப் பேச அழைக்கிறேன்: திரு. ______ அவர்கள்."

நிதானமாகப் படித்தாலும் ஒரு நிமிடம் தாண்டவில்லை. பிரின்சிபால் படித்துவிட்டு "ஜெர்மனியை மட்டும் சேருங்கள்" என்றார். சேர்க்கவில்லை.

எலக்ட்ரீசியன் அம்மா | செப்டம்பர் 6, இரவு 9.10

இது எனக்குப் புரிகிறது. மற்றது புரியவில்லை.

மேடைப்பழசு | செப்டம்பர் 7, காலை 8.20

இப்போது மாணவர் பெயர். இங்கேதான் விழா கெடும்.

பட்டியலைப் பார்த்துப் படிக்காதீர்கள். பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும், தமிழ்ப் பெயரைப் பாதி ஊகித்துத்தான் படிக்க முடியும். அதைவிட மோசம், 114 பேரில் பத்துப் பன்னிரண்டு பேர் வர மாட்டார்கள், வேலைக்குப் போயிருப்பார்கள். வரிசையில் ஒருவர் விட்டுப்போனால் அடுத்தவர் அவர் பெயரில் ஏறுவார், அதற்கடுத்தவர் இவர் பெயரில். மூன்றாவது ஆளிடம் யாராவது கத்துவார்கள், எல்லாம் நிற்கும்.

ஆளுக்கு ஒரு சீட்டு கொடுங்கள். நுழைவாயிலில் மேஜை போட்டு, வந்தவர் தன் பெயரையும் ஊரையும் தன் கையாலேயே தமிழில் எழுதட்டும். படி ஏறும்போது சீட்டை உங்களிடம் நீட்டுவார், நீங்கள் அதைப் படிப்பீர்கள். வராதவருக்குச் சீட்டே இருக்காது, ஆகவே வரிசை குழம்பாது. எதிரே நிற்பவரின் பெயரைத்தான் எப்போதும் படிப்பீர்கள்.

பட்டறைக்காரன் | செப்டம்பர் 7, இரவு 9.00

சீட்டு சரி. ஆனால் சான்றிதழ்? அது பட்டியல் வரிசையில்தானே அடுக்கியிருக்கும்?

மேடைப்பழசு | செப்டம்பர் 7, இரவு 9.40

மேடையில் கோப்பு மட்டும் கொடுங்கள். நிலையத்தின் பெயர் போட்ட அட்டைக் கோப்பு, எல்லோருக்கும் ஒரே மாதிரி. அசல் சான்றிதழ் இறங்கியபின் டிரேட் வாரியாக மேஜையில், கையெழுத்து வாங்கிக்கொண்டு. தேசியத் தொழில் சான்றிதழ் இப்போது கியூ.ஆர். குறியோடு மின்சான்றிதழாகத்தானே வருகிறது? அச்செடுத்த தாளை மேடையில் கசக்கிக் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

எலக்ட்ரீசியன் அம்மா | செப்டம்பர் 7, இரவு 10.05

வெறும் கோப்பா? என் மாமியார் அதைத் திறந்து பார்ப்பாரே.

கம்பி ராசா | செப்டம்பர் 8, காலை 10.15

அம்மா பக்கம்தான் நானும். 2022க்கு முன்னால் எங்களுக்கு விழாவே கிடையாது, ஆபீஸ் ஜன்னலில் கையெழுத்துப் போட்டு வாங்கினோம். அந்த வருடம் செப்டம்பர் 17, விஸ்வகர்மா ஜெயந்தி அன்றுதான் நாடு முழுக்க ஐ.டி.ஐ.களுக்கு முதல்முறை பட்டமளிப்பு வைத்தார்கள். மேடையில் வெறும் கோப்பு கொடுத்துவிட்டுச் சான்றிதழை மறுபடி ஜன்னலில்தான் வாங்க வேண்டும் என்றால் எதற்கு விழா?

பட்டறைக்காரன் | செப்டம்பர் 8, இரவு 8.45

இரண்டும் வேண்டும் போலிருக்கிறது. வெல்டர் 18 பேர்தான், அதற்கு அசலையே வைக்கலாம், என் பிள்ளைகளை எனக்கு முகம் தெரியும். பிட்டர், எலக்ட்ரீசியனுக்குக் கோப்பு. இது நியாயமா என்று தெரியவில்லை.

மேடைப்பழசு | செப்டம்பர் 8, இரவு 9.15

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிட்டர் அம்மா கேட்பார். ஒரே விழாவில் இரண்டு விதம் வேண்டாம். அசல்தான் என்று முடிவு செய்தால் சான்றிதழ் கொடுக்கும் பயிற்றுநர் எண் வாரியாகப் பெட்டியில் அடுக்கி, சீட்டைப் பார்த்து உருவிக் கொடுக்க வேண்டும். சீட்டில் எண் இருக்க வேண்டும். ஆளுக்கு நாலைந்து வினாடி கூடும், 114 பேருக்கு எட்டொன்பது நிமிடம். கொடுக்க முடியுமானால் கொடுங்கள்.

மைக்செட் | செப்டம்பர் 9, மாலை 5.30

நேரம் மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. ஒருவர் விருந்தினரிடம் வாங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் பெயரைப் படித்துவிடுங்கள். பல இடத்தில் அப்படித்தான் செய்கிறார்கள்.

எலக்ட்ரீசியன் அம்மா | செப்டம்பர் 9, மாலை 6.00

அப்படிச் செய்தால் இவன் பெயருக்குத் தட்டுகிற கை அடுத்தவனுக்குப் போய்விடும்.

மேடைப்பழசு | செப்டம்பர் 9, இரவு 8.10

அம்மா சொல்வது சரி. அடுத்தவர் படிக்கருகே தயாராக நிற்கட்டும், பெயர் மட்டும் முன்னவர் திரும்பியபின்.

வாங்கும் முறையையும் முதல் நாளே பழக்குங்கள். இடக்கையால் சான்றிதழ், வலக்கையால் கைகுலுக்கு என்று சில இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் யாரும் இடக்கையால் வாங்க மாட்டார்கள், மேடையில் குழம்பி இரண்டு கையையும் மாற்றி மாற்றி நீட்டுவார்கள். கைகுலுக்கல் வேண்டாம். இரண்டு கையாலும் வாங்கு, கேமராவைப் பார், வணக்கம் சொல், இறங்கு. காலில் விழ வேண்டாம் என்று விருந்தினரே தொடக்கத்தில் சொன்னால் கேட்பார்கள், நாம் சொன்னால் கேட்பதில்லை.

கோபா 22 | செப்டம்பர் 10, காலை 11.00

பெயருக்கு முன்னால் செல்வன், செல்வி போடுவீர்களா? என் வகுப்பில் 41 வயது அக்கா ஒருத்தர், மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஒத்திகையில் "செல்வி" என்று படித்தார்கள், வகுப்பே சிரித்தது. அவருக்கு வருத்தம்.

பட்டறைக்காரன் | செப்டம்பர் 10, மதியம் 1.30

நல்ல கேள்வி தம்பி. ஐ.டி.ஐ. சேர்க்கையில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது, ஆகவே இது எல்லா இடத்திலும் வரும். செல்வன், செல்வி, திருமதி எதுவும் வேண்டாம். சீட்டில் எழுதியது மட்டும்.

கம்பி ராசா | செப்டம்பர் 10, இரவு 8.00

டிரேட்டுக்கு ஒரு அறிமுகம் உண்டா? என் அப்பா "பிட்டர்னா குழாய் பொருத்துறவனா?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பட்டறைக்காரன் | செப்டம்பர் 11, இரவு 9.30

இதை எழுதியிருக்கிறேன். ஆளுக்கு எதுவும் சொல்ல நேரமில்லை, ஆனால் டிரேட்டுக்கு இரண்டு வரி சொல்லலாம்.

"பிட்டர். இரண்டு வருடப் படிப்பு. இரண்டு இரும்புத் துண்டுகளைக் கையால் ராவி, நடுவில் தலைமுடி நுழையாதபடி பொருத்தக் கற்றவர்கள் இவர்கள்."

"எலக்ட்ரீசியன். இரண்டு வருடம். வீட்டு வயரிங் முதல் மோட்டார் காயில் கட்டுவது வரை செய்வார்கள்."

வெல்டருக்கு எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம் வருகிறது. சொந்த டிரேட் என்றால் குறைக்க மனம் வரவில்லை. "வெல்டர். ஒரு வருடம். உங்கள் ஊர் பஸ் பாடியின் சட்டத்தைப் பற்றவைத்து இணைப்பது இவர்கள் தொழில்" என்று நிறுத்தியிருக்கிறேன். கோபாவுக்கு யாராவது சொல்லுங்கள்.

கோபா 22 | செப்டம்பர் 11, இரவு 10.10

"கணினி இயக்கமும் நிரலாக்கமும். ஒரு வருடம். அலுவலகக் கணக்கு முதல் இணையதளம் வரை இவர்கள் கையில்." இது போதுமா அண்ணா? டைப்பிங் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஆவணம் ஆறுமுகம் | செப்டம்பர் 12, காலை 7.00

வராதவர்கள் பெயரைப் படிக்காமல் விடுவது முறையல்ல. அவர்களும் தேறியவர்கள்தானே.

பட்டறைக்காரன் | செப்டம்பர் 12, இரவு 9.00

அம்மா, அப்பா வந்தால் அவர்களிடமே சீட்டு கொடுக்கப்போகிறோம், மேடை ஏறி வாங்கட்டும். "மகன் ஸ்ரீபெரும்புதூரில் வேலையில் இருக்கிறார், தாயார் பெற்றுக்கொள்கிறார்" என்று ஒரு வரி. யாரும் வராவிட்டால் டிரேட் முடிவில் மூன்று நான்கு பெயரைச் சேர்த்துப் படிக்கலாமா என்பதில் பிரின்சிபாலும் நானும் ஒத்துப்போகவில்லை.

தேர்வில் ஒரு தாள் பாக்கி உள்ளவர்கள் வேறு வந்து நிற்பார்கள். அவர்களுக்கு மேஜையிலேயே சொல்ல வேண்டும், மேடை வரை விடக் கூடாது. அதைச் சொல்லும் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை.

பட்டறைக்காரன் | செப்டம்பர் 18, காலை 8.10

முடிந்தது. அசல் சான்றிதழே கொடுத்தோம். 103 பேர் ஏறினார்கள், பெயர் படித்து முடிக்க 31 நிமிடம். சீட்டுகளில் ஒன்று மட்டும் படிக்கவே முடியவில்லை, பையன் எழுதியது அவனுக்கே தெரியவில்லை, மைக்கை அவன் பக்கம் நீட்டினேன், அவனே சொன்னான். அதற்குத்தான் பெரிய கைதட்டல். அடுத்த வருடம் எல்லோரையும் அப்படிச் சொல்ல வைக்கலாமா என்று பிரின்சிபால் கேட்கிறார்.

விளித்தல் விஷயம் பாதிதான் நடந்தது. இரண்டு பேர் முழுப் பட்டியலையும் படித்தார்கள். விருந்தினர் சைக்கிள் கதையை எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்.

மேடைப்பழசு | செப்டம்பர் 18, காலை 9.00

அவனவன் பெயரை அவனவன் சொல்வது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கூச்சப்படும் பிள்ளை வாய்க்குள் முனகுவான், பின்வரிசைக்கு எட்டாது. நூறு பேரோடு முயன்றதில்லை. 18 வெல்டர்களோடு முதலில் செய்து பாருங்கள்.

மைக்செட் | செப்டம்பர் 18, காலை 9.25

செய்வதானால் கையில் பிடிக்கும் மைக் வேண்டாம், ஸ்டாண்டில் போடுங்கள். உயரத்துக்கு ஏற்ப இறக்க ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும்.